பதிவைக் கேட்கும்போது புத்தகம் திறந்திருக்கட்டும்

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் உரக்க வாசிக்கும்போது சொற்களை ஊகித்துச் சொல்லிவிடுகிறாள். கைப்பேசியில் பதிவுசெய்து, போட்டுக்காட்டி, எங்கே தவறு என்று சொன்னால் அழுகிறாள்; "இது என் குரலே இல்லை" என்கிறாள். இந்தப் பயிற்சியைத் தொடரலாமா?
– ஒரு வாசகி

பதில்: தொடரலாம். ஆனால் தவறைக் கண்டுபிடிக்கும் வேலையை இனி உங்கள் மகளிடமே விட்டுவிடுங்கள்.

முதலில் குரலைப் பற்றி. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்புகளின் அதிர்வாகவும் உட்செவியை அடைகிறது. பதிவில் அந்த இரண்டாவது வழி இல்லாததால் குரல் மெலிந்து, வேறொருவருடையதுபோல் ஒலிக்கும். பெரியவர்களுக்கே பிடிக்காத ஒன்று அது. ஆகவே சில நாட்களுக்குப் புத்தகமே வேண்டாம். அவளுக்குத் தெரிந்த பாட்டையோ விடுகதையையோ பதிவுசெய்து கேட்கட்டும். உங்கள் குரலையும் பதிவுசெய்து போட்டால், அதுவும் மாறித்தான் கேட்கிறது என்று அவளுக்கே விளங்கிவிடும்.

பிறகு, 50 அல்லது 60 சொற்கள் கொண்ட ஒரு பத்தியைத் தேர்ந்தெடுங்கள். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தவறினால் அந்தப் பத்தி அவளுக்குக் கடினம் என்று பொருள், எளிதானதற்கு மாறிவிடுங்கள். ஒருமுறை பதிவில்லாமல் வாசிக்கட்டும், இரண்டாம் முறை வாசிப்பதைப் பதிவுசெய்யுங்கள். வாசிக்கும்போது எழுத்துகளை ஒலியாக்குவதிலேயே அவளுடைய கவனம் முழுவதும் செலவாகிவிடுவதால், தான் என்ன சொன்னோம் என்பதைக் கேட்க மிச்சம் இருப்பதில்லை. பதிவைக் கேட்கும்போதுதான் அதற்கு இடம் கிடைக்கிறது. அப்போது புத்தகம் திறந்திருக்க வேண்டும், அவள் விரல் ஒவ்வொரு சொல்லாக நகர வேண்டும். புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டால் குரல் மட்டும்தான் காதில் விழும், தவறு விழாது. விரலும் ஒலியும் ஒத்துப்போகாத இடத்தில் அவளே பதிவை நிறுத்திப் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கட்டும். நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், கடினம்தான்.

இதில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய பயன், அவள் எதைக் கண்டுபிடிக்கிறாள், எதை விட்டுவிடுகிறாள் என்பது தெரிவதுதான். "கிளி கூண்டை விட்டுப் பறந்தது" என்பதை அவள் "கூட்டை விட்டு" என்று வாசித்திருக்கிறாள் என வைத்துக்கொள்வோம். பதிவைக் கேட்கையில் விரல் 'ண்' மீது வந்ததும் நின்றுவிடுகிறாள் என்றால், அது வெறும் அவசரம். எழுத்து அவளுக்குத் தெரியும், சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. அடுத்த வரியில் "கொடியில் ஒரு காய் தொங்கியது" என்பதைக் "கோடியில்" என்று வாசித்துவிட்டு, பதிவிலும் அதைக் கவனியாமல் கடந்துபோகிறாள். இதுதான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. "கோடியில் ஒரு காய் தொங்கியது" என்பதற்கும் ஒரு பொருள் இருப்பதால், பொருள் அவளை எச்சரிக்கவில்லை; ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் பதிந்திருந்தால் மட்டுமே பிடிபடும் தவறு அது. அதே வரியில் "தொங்கியது" சரியாக வந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். "தோங்கியது" என்றொரு சொல் இல்லாததால் பழக்கத்திலேயே அது சரியாக வந்திருக்கலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க, பதிவு முடிந்தபின் பொட்டு–போட்டு, தொடு–தோடு, கொட்டை–கோட்டை என்ற இணைகளைத் தாளில் கலைத்து எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். அங்கும் தடுமாறினால் அந்தக் குறியீட்டை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். எத்தனை முறை பதிவைக் கேட்டாலும் தெரியாத எழுத்தை அது கற்றுத்தராது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே பத்தியையே வாசிக்கட்டும். ஒரு சிறு பத்தியைச் சரளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கவைக்கும் இம்முறையை 1979இல் அமெரிக்க உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் விளக்கி எழுதினார். அவர் பயன்படுத்தியவையும் 50 முதல் 200 சொற்கள் வரையிலான பத்திகளே. மூன்று நான்கு நாட்களில் பத்தி மனப்பாடமாகிவிடக்கூடும். விரல் ஒரு சொல்லிலும் வாய் அடுத்த சொல்லிலும் இருந்தால் அவள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். புதிய பத்திக்குப் போய்விடுங்கள். ஆங்கில வாசிப்புக்கென வகுத்த 'நிமிடத்துக்கு இத்தனை சொற்கள்' என்ற அளவுகளைத் தமிழுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து நம் சொற்கள் நீளமானவை.

முதல் நாள் பதிவையும் கடைசி நாள் பதிவையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாம். பதிவு இல்லாமலே, வாசித்துக்கொண்டிருக்கும்போதே நின்று, திரும்பிப் போய்ச் சொல்லைத் திருத்தத் தொடங்கிவிட்டாள் என்றால், வாரம் ஒருமுறை பதிவுசெய்தால் போதும்.