பேட்டி வீடியோவில் ஆபீஸ் மங்கலாகத் தெரிய: அறையை மூலைக்கு மூலை பயன்படுத்துங்கள்

கேள்வி: எங்கள் கம்பெனி சேனலுக்காக முதலாளியை உட்கார வைத்துப் பேட்டி எடுக்கிறேன். அறை 12க்கு 16 அடி. ஏபிஎஸ்-சி கேமரா, 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். லென்ஸை முழுக்கத் திறந்தும் பின்னால் இருக்கும் ஃபைல் ரேக்கில் எழுதியிருப்பதைப் படிக்க முடிகிறது. அவர் கையை அசைத்தால் படம் துடிக்கிறது. அசைக்காதீர்கள் என்றால் சிலை மாதிரி உட்கார்ந்துவிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: லென்ஸில் குறையில்லை. நாற்காலி ரேக்கை ஒட்டிக் கிடப்பதுதான் பிரச்சினை. பின்னணி எவ்வளவு மங்கும் என்பதில், பேசுபவருக்கும் அவருக்குப் பின்னால் இருப்பதற்கும் உள்ள தூரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 50 எம்எம் லென்ஸில் முகம், மார்பு, கைகள் எல்லாம் ஃப்ரேமுக்குள் வர, கேமரா அவரிடமிருந்து சுமார் 9 அடி தள்ளி இருக்க வேண்டும். சுவருக்கு நேராக வைத்தால் டிரைபாடுக்கான இடமும் போக, பின்னால் மிஞ்சுவது நாலைந்து அடிதான். அதில் ரேக்கும் வந்துவிட்டால் மங்குவதற்கு இடமே இல்லை.

உங்கள் அறையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து பாருங்கள், சரியாக 20 அடி இருக்கும். ஒரு மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி கேமரா, அதிலிருந்து 9 அடியில் நாற்காலி. அவருக்குப் பின்னால் எட்டு அடிக்குக் குறையாமல் காலியிடம் கிடைக்கும். இப்போது ரேக் அவருக்கு இரண்டு அடி பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், அதே லென்ஸ் திறப்பில் மங்கல் இரண்டரை மடங்கு கூடும். இரண்டு சுவர்கள் சரிந்து போய்ச் சேர்வதால் அறையும் பெரிதாகத் தெரியும்.

இந்த இடம் கிடைத்துவிட்டால் எஃப்/1.8-ஐ விட்டுவிடலாம், லென்ஸ் திறப்பைக் கொஞ்சம் குறைத்து எஃப்/2.8 வையுங்கள். அப்போதும் இப்போது கிடைக்கும் மங்கலைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகவே இருக்கும். எஃப்/1.8-ல் 9 அடி தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் முக்கால் அடிக்கும் குறைவு. ஆர்வமாகப் பேசுகிறவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே கண் மங்கிவிடும். எஃப்/2.8-ல் அந்த ஆழம் ஒரு அடி அளவுக்கு வரும்.

பின்னணியில் என்ன வைப்பது? உயரமான செடி ஒன்று, மஞ்சள் வெளிச்சம் தரும் மேசை விளக்கு ஒன்று போதும். ஜன்னல் பின்னால் வர வேண்டாம். கம்ப்யூட்டர் திரையை அணைத்துவிடுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள், டியூப்லைட் பட்டை பட்டையாக ஓடாது.

படம் துடிப்பது பெரும்பாலும் ஆட்டோஃபோகஸ் வேலை. கை முன்னால் வந்ததும் ஃபோகஸ் கைக்குத் தாவி, மறுபடி முகத்துக்குத் திரும்புகிறது. பல லென்ஸ்களில் ஃபோகஸ் நகரும்போது காட்சியின் அளவும் லேசாக மாறும். அதனால் ஃப்ரேமே மூச்சு விடுகிற மாதிரி தெரிகிறது. அவர் பேசும் நிலையில் உட்கார்ந்ததும் திரையைப் பெரிதாக்கி, கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். டிரைபாடில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷனையும் அணையுங்கள். சில கேமராக்களில் அது சும்மா நிற்கும் படத்தை மெல்ல நகர்த்தும்.

ஆனால் பூட்டிய ஃபோகஸ் நிற்க, அவரும் அதே இடத்தில் இருக்க வேண்டும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி, சுழல் நாற்காலி இரண்டும் வேண்டாம். நான்கு கால் நாற்காலியில், முதுகு சாயாமல் முன்பக்கமாக உட்காரச் சொல்லுங்கள். முன்னால் மேசை போடாதீர்கள். மேசை இருந்தால் முழங்கை அதில் ஊன்றிக்கொள்ளும், கை எழாது. கைகளைத் தொடைமேல் தளர்வாக வைத்துத் தொடங்கினால் போதும், பேச்சு சூடு பிடித்ததும் தானாக மார்பளவுக்கு எழும். ஃப்ரேமின் கீழ்விளிம்பை முழங்கை அளவில் வையுங்கள். அதற்கு மேலே வைத்தால் விரல் நுனி மட்டும் கீழிருந்து எட்டிப் பார்க்கும், பார்க்கிறவர் கவனம் அங்கேதான் போகும்.

கையைப் பற்றி அவரிடம் பேசவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சொன்ன நொடியிலிருந்து அவர் கையை மட்டுமே நினைப்பார். நீங்கள் லென்ஸுக்குப் பக்கத்திலேயே, அவர் கண் உயரத்தில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். லென்ஸும் அதே உயரத்தில் இருக்கட்டும். ‘உங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ஒப்பிப்பார். ‘முதல் மெஷின் வந்த அன்று அதை எங்கே, எப்படி இறக்கினீர்கள்?’ என்று கேட்டால் அளவும் திசையும் சொல்ல அவருக்குக் கை தேவைப்படும். ‘சரி, ஸ்டார்ட்’ என்று அறிவிக்காமல், அரட்டையிலேயே ரெக்கார்டை ஓட விடுங்கள்.

முழுப் பேட்டிக்கு முன் இரண்டு நிமிடம் எடுத்து, அதை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சாதாரண வேகத்தில் கண்ணுக்குத் தப்புகிற நழுவல் எல்லாம் அதில் தெரிந்துவிடும். தலை ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் நாற்காலியை மாற்றுங்கள். பின்னணியும் சேர்ந்து நகர்ந்தால் டிரைபாட் தலையின் திருகை இறுக்குங்கள்.