மண்டபத்தில் நாக்குப் புரளாத நாலு வரி

*அக்கா, அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 25 வருஷம். கடலூரில் சின்ன மண்டபத்தில் விழா. பாயசம் பரிமாறியதும் நான் மைக்கில் வாழ்த்துக் கவிதை சொல்ல வேண்டும். ‘வெள்ளிக் கடற்கரை மண்ணிலே வெள்ளிவிழாக் காண்கின்ற விழுப்புகழ் தம்பதியே வாழியவே’ என்று எழுதினேன். சொல்லிப் பார்த்தால் வாய் தடுக்குகிறது. தானே புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்தபோது இருவரும் கதவைத் தள்ளிப் பிடித்து நின்றதைச் சொல்ல ஆசை. எப்படிச் சேர்ப்பது?*
*– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்*

அன்புத் தங்கைக்கு,

உன் கவிதையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘வெள்ளிவிழா’வில் ள, ழ இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. அது ஆறுவதற்குள் ‘விழுப்புகழ்’ வந்துவிடுகிறது. படபடப்பில் நாக்கு எல்லாவற்றையும் ள ஆக்கிவிடும். வரியும் நீளம், நடுவில் மூச்சு வாங்க இடமே இல்லை. இன்னொன்று, நம்ம ஊரில் யாரும் ‘வெள்ளிக் கடற்கரை’ என்று சொல்வதில்லை, சில்வர் பீச்தான். கேட்பவர்கள் அந்தச் சிலேடையைப் பிடிப்பதற்குள் நீ அடுத்த வரிக்குப் போயிருப்பாய். அதை விட்டுவிடு.

உன்னிடம் இருக்கும் பொக்கிஷம் அந்தக் கதவுதான். 2011 டிசம்பர் 30 காலையை மண்டபத்தில் பாதிப் பேர் மறந்திருக்க மாட்டார்கள். கதவைப் பிடித்த நாலு கையைச் சொன்னால் போதும், மற்றதை அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

வரிக்கு நாலு சீர் வைத்துக்கொள். ஒரு மூச்சில் அடங்கும். இரண்டிரண்டு வரிகளை மோனையால் கட்டு. ஒரு வரியின் முதல் எழுத்து, அடுத்த வரியின் முதல் எழுத்தை ஞாபகப்படுத்தும், தாள் தேவைப்படாது. நான் முதலில் எழுதிய தொடக்கம் இது:

கூரை பறந்த புயலின் போது
கூடவே நின்ற கைகள் நாலு

தாளில் நன்றாகத்தான் இருந்தது. சத்தமாகச் சொன்னபோதுதான் உறைத்தது. கல்யாண நாளில் ‘கூரை’ என்றால் காதில் கூறைப்புடவை என்றும் விழும். ரகரம் றகரத்தைப் பேச்சில் நாம் யாரும் பிரித்துச் சொல்வதில்லையே. புடவை பறந்ததாக யாராவது நினைத்தால் போச்சு. அதனால் ‘ஓடு’ என்று மாற்றினேன். நாலாவது வரியை ‘கைகள் இன்னும் பிரியவில்லை’ என்று முடித்திருந்தேன். விழா மேடையில் ‘பிரிய’ என்ற சொல் வந்தாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான். இல்லாததைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்லிவிடுவோம்:

ஓடு பறந்த புயலின் போது
ஒட்டி நின்ற கைகள் நாலு;
காற்றும் மழையும் ஓய்ந்த பின்னும்
கைகள் இன்னும் கோத்தே இருக்கு.
ஆண்டு இருபத் தைந்தும் ஆச்சு,
அப்பா அம்மா…
வாழ்க! வாழ்க!

ஓ–ஒ, கா–கை, ஆ–அ என்று மூன்று ஜோடி. காவுக்குக் கை மோனையாகுமா என்று கேட்காதே, ஆகும். அ, ஆ, ஐ, ஔ நான்கும் ஓரினம். ‘இருக்கு’, ‘ஆச்சு’ என்று பேச்சுத் தமிழை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். பெற்றவர்களைப் பார்த்துச் சொல்லும்போது அதுதான் இயல்பாக வரும்.

கடைசி வரி உன்னுடையது இல்லை, மண்டபத்துடையது. ‘அப்பா அம்மா’ என்று சொல்லிவிட்டு நிறுத்து, பாயச டம்ளரை உயர்த்து. நீயே முந்திக்கொண்டு ‘வாழ்க’ என்றால் மற்றவர்கள் கைதட்டப் போய்விடுவார்கள். சித்தி மகன், அத்தை மகள் என்று மூன்று பேரிடம் முன்பே சொல்லி வை. ஒரே வரிசையில் உட்காராமல் ஆளுக்கொரு மூலையில் இருக்கட்டும். அவர்கள் குரல் கொடுத்ததும் மற்றவர்கள் தானாகச் சேர்ந்துகொள்வார்கள்.

இனி, நின்றுகொண்டு போனில் பதிவு செய்து கேள். எங்காவது இரண்டு தடவை தடுக்கினால் பயிற்சி செய்து சரிப்படுத்தப் பார்க்காதே, அந்தச் சொல்லையே மாற்றிவிடு. மண்டபத்தில் எதிரொலி இருக்கும், அதனால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு நொடி நில். மைக்கை வாய்க்கு நேராக ஒட்டிப் பிடித்தால் ‘பறந்த’, ‘புயல்’, ‘போது’ மூன்றும் ‘டப் டப்’ என்று வெடிக்கும். நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடி.

‘கோத்தே இருக்கு’ என்ற இடத்தில் உனக்குத் தொண்டை அடைக்கலாம். அவசரப்படாதே, அம்மாவைப் பார்த்தபடி நின்றுவிட்டு, ‘ஆண்டு’ என்று எடு.