சம்பந்தி வீட்டார் சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிப்பவர்கள்: வெள்ளி மாலைக்குள் என்னென்ன முடிய வேண்டும்?

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். மருமகள் வீட்டார் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை. நவம்பர் மூன்றாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆறு பேராக வந்து ஞாயிறு மதியம் வரை தங்குகிறார்கள். எங்கள் வீட்டில் நாலு பேர். சனிக்கிழமை அடுப்பு மூட்டலாமா, காபி கொடுக்கலாமா, மீன் செய்யலாமா, எதுவும் புரியவில்லை. சம்பந்திக்குச் சர்க்கரை வேறு. மருமகளைக் கேட்டால் 'எதுவானாலும் பரவாயில்லை அத்தை' என்கிறாள்.

பதில்: முதலில் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்துவிடும். அவர்களுடைய சனிக்கிழமை நள்ளிரவில் பிறப்பதில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை சூரியன் மறையும்போது முடிகிறது. சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரை என்று லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் வரும் கணக்கு அது. கடலூரில் நவம்பர் மூன்றாம் வாரம் சூரியன் 5.43-ஐ ஒட்டி மறையும். ஜூலைத் தொடக்கத்தில் இதுவே 6.40 ஆகிவிடும் என்பதால், போன முறை அவர்கள் வந்தபோது இருந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். நம் ஊரில் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் விழுவது ஊர்ப்பக்கம். ஐப்பசி கார்த்திகை மேகத்தில் அது விழுந்ததே தெரியாது. செல்போனில் கடலூர் என்று போட்டு அஸ்தமன நேரம் பாருங்கள். புதுச்சேரிக்குப் பார்த்தாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வராது.

இணையத்தில் தேடினால் யூதர்களின் விதிகளும் சேர்ந்து வந்து குழப்பும். மின்விளக்கு சுவிட்சைத் தொடக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, பாலையும் கறியையும் ஒன்றாக வைக்கக்கூடாது என்பதெல்லாம் அட்வென்டிஸ்டுகளுக்கு இல்லை. விளக்கு போடுவார்கள், காரில் சபைக்குப் போவார்கள். தவிர்ப்பது மூன்று: பிழைப்புக்கான வேலை, வாங்கல் விற்றல், மறுநாளைக்குத் தள்ளி வைக்கக்கூடிய வீட்டுவேலை. வைத்தியம் இதில் சேராது. மருந்து கொடுப்பதும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் எந்த நாளிலும் உண்டு.

அடுப்பு விஷயத்தில் அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம்: வேகவைக்க வேண்டியதை முந்தின நாளே வேகவைத்துவிட வேண்டும். அதனால்தான் வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் பேச்சில் 'ஆயத்தநாள்' என்று பெயர். சமைத்ததைச் சூடு பண்ணுவதைப் பெரும்பாலான குடும்பங்கள் தவறாக நினைப்பதில்லை. சனிக்கிழமை காலையில் நீங்கள் நின்று தேங்காய் அரைத்து, தாளித்து, குக்கர் வைத்துக்கொண்டிருந்தால் அவர்களால் நிம்மதியாக உட்கார முடியாது.

உங்கள் பத்துப் பேருக்கு இப்படிச் செய்யலாம். வியாழன் இரவே அரை கிலோ கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள், எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். வெள்ளி காலையில் புளிக்காய்ச்சல் செய்துவிடுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் புளி, 200 மில்லி நல்லெண்ணெய். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை காய்ச்சுங்கள், தண்ணீர்ப்பசை மிச்சமிருந்தால் சோறு விடிவதற்குள் ஊசும். கத்தரிக்காயோ சுண்டைக்காய் வற்றலோ போட்டு ஒரு புளிக்குழம்பு, தேங்காய் சேர்க்காமல். மூன்று மணிக்குச் சோறு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆற விட்டு, புளிக்காய்ச்சலைப் பிசையுங்கள். நாலு மணிக்கு இட்லி ஊற்றத் தொடங்கினால் ஐந்தேகாலுக்குள் எண்பது இட்லி இறங்கிவிடும். பாதி அன்றைய இரவுக்கு. மீதி நாற்பதுக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி அடுக்கினால் சனி காலைக்கு, ரயில் பயணத்துக்குக் கட்டுகிற மாதிரிதான்.

இதில் கெடுவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். சூடாக இருக்கும்போதே மூடி வைத்துவிடுவது. மூடியில் ஆவி தண்ணீராகக் கோத்து உள்ளே சொட்டும், மழைக்காலப் புழுக்கத்தில் குழம்பும் சுண்டலும் நொளுக்கென்று ஆகிவிடும். அகலமான பாத்திரத்தில் ஆற வைத்து, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். இட்லி தவிர எல்லாவற்றையும் ஏற்றலாம், புளிச்சோறு உட்பட. சாப்பிடுமுன் ஆவி பறக்கச் சூடு செய்யுங்கள். தயிர்சாதத்தை முன்கூட்டிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும், பால் விட்டுப் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் போதும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும்.

ஐந்தரைக்குள் அவர்கள் குளித்து, துணி தேய்த்து, செருப்புக்கூடத் துடைத்து வைத்துவிட்டு உட்கார நினைப்பார்கள். குளியலறை காலியாக இருக்கட்டும், இஸ்திரிப் பெட்டியை எடுத்து வெளியே வையுங்கள். அஸ்தமன நேரத்தில் பாட்டும் ஜெபமுமாகச் சின்ன ஆராதனை இருக்கும். கூடத்தில் டிவியை அணைத்துவிட்டால் போதும், நீங்களும் உட்காரலாம், உட்காராமலும் இருக்கலாம்.

பலர் யோசிக்காத ஒன்று, வீட்டு வேலைக்கு வரும் பெண். ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய்ந்திருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. தங்களுக்காக ஒருவர் வந்து மலையாகப் பாத்திரம் தேய்ப்பது அவர்களுக்குச் சங்கடம். அந்த அம்மாவுக்குச் சனிக்கிழமை லீவு கொடுத்துவிட்டு, மூன்று வேளைக்கும் வாழை இலை போடுங்கள். பாத்திரங்களை அலசி ஓரமாகக் கவிழ்த்து வைத்தால் மாலை ஆறு மணிக்கு மேல் தேய்த்துக்கொள்ளலாம். பால் பாக்கெட், தண்ணீர் கேன் காசையும் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள்.

சனி காலையில் சபைக்குப் போவார்கள். முதலில் ஓய்வுநாள் பள்ளி என்ற வேதபாட வகுப்பு, பிறகு ஆராதனை. முடிய மதியம் ஆகும், சில வாரம் இன்னும் இழுக்கும். உங்கள் சம்பந்தி விஷயத்தில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், திடீர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல் அதன் அடையாளம். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஒரு டப்பாவில் சுண்டலும், பையில் நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டும் மருமகளிடம் கொடுத்தனுப்புங்கள். மதியம் அவர் இலையில் புளிச்சோறு ஒரு கரண்டி, சுண்டல் இரண்டு கரண்டி.

சாப்பிட்ட பிறகு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். படைப்பைப் பார்ப்பது அந்த நாளுக்குப் பொருத்தமானது என்பது அவர்கள் எண்ணம். அங்கே பஜ்ஜி வாங்கி நீட்டாதீர்கள், வாங்குவதே ஓய்வுநாளுக்கு ஆகாது. ஐந்தே முக்கால் தாண்டினால் அதே பஜ்ஜியை அவர்களே வாங்கித் தருவார்கள்.

குடிக்க என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். மதுவும் புகையிலையும் சபையின் போதனைப்படி அறவே கிடையாது. உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று கொரிந்தியரில் வருவதிலிருந்து எடுத்த போதனை என்பதால், 'கொஞ்சம்தானே' என்ற உபசாரம் அங்கே எடுபடாது. பாண்டிச்சேரியில் பிளம் கேக் வாங்குவதானால் ரம்மில் ஊறிய பழமா என்று கேட்டு வாங்குங்கள். காபி, டீயைத் தவிர்க்கும்படி சபை சொல்கிறது, கடைப்பிடிப்பது வீட்டுக்கு வீடு மாறும். சுக்குமல்லித் தண்ணீரும் கேழ்வரகுக் கஞ்சியும் தயாராக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. சனிக்கிழமை ஆசரிக்கும் எல்லாரும் ஒரே சபை இல்லை. அட்வென்டிஸ்டு சபை அமெரிக்காவில் 1863-ல் அமைப்பாக உருவானது. நம் நாசரேத் பக்கம் 1857-லேயே சட்டாம்பிள்ளை தலைமையில் பிரிந்த சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக எடுத்துக்கொண்டது, அவர்கள் பழக்கங்கள் வேறு. அட்வென்டிஸ்டிலேயே 'சீர்திருத்த இயக்கம்' என்று தனியாக இருப்பவர்கள் புலால் தொடுவதே இல்லை. பொதுவான அட்வென்டிஸ்டு சபை மரக்கறி உணவைச் சிபாரிசு செய்கிறது, கட்டாயமாக்கவில்லை. ஆகவே மருமகளிடம் 'என்ன செய்யட்டும்' என்று கேட்காதீர்கள், 'உங்கப்பா மீன் சாப்பிடுவாரா' என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வரும்.

சாப்பிடுவார் என்றால் மீனை ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் துறைமுகத்தில் புதிதாகக் கிடைக்கும். லேவியராகமம் 11-ஆம் அதிகாரப்படி துடுப்பும் செதிலும் இரண்டும் உள்ளதுதான் சாப்பிடலாம். பன்றியும் ரத்தப் பொரியலும் கிடையாது. இறால், நண்டு, கணவாய் கூடாது. சுறா, திருக்கை, வாளை, கெளுத்தி கூடாது. குழம்பில் ருசிக்கு அள்ளிப் போடும் சென்னாக்கூனிப் பொடியும் இறால் இனம்தான், அதை மறந்துவிட்டுச் 'சைவக் குழம்பு' என்று பரிமாறிவிட வேண்டாம். சங்கரா, கொடுவா, மத்தி, கிழங்கான் எல்லாம் சரி. கானாங்கெளுத்தி பெயரில் மட்டும்தான் கெளுத்தி, அது செதில் மீன், தாராளமாக வாங்கலாம். வஞ்சிரத்துக்குச் செதில் மிகப் பொடியாக, கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அதனால் சில வீடுகளில் ஒதுக்குவார்கள். சந்தேகமான மீனானால் கழுவி வெட்டுமுன் கத்தி முனையால் வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். கத்தியில் செதில் ஒட்டி வந்தால் வாங்கலாம், வழவழவென்று வழுக்கினால் அடுத்த கூடைக்குப் போங்கள்.