பரிசுப் பணத்துக்கு எவ்வளவு வரி?

"எனக்கு வேறு வருமானமே இல்லை. போட்டியில் 5 லட்சம் ஜெயித்தேன், ஏன் 3.5 லட்சம்தான் வந்தது?"

இந்தியாவில் லாட்டரி, டிவி போட்டி, ஆன்லைன் கேம் பரிசுக்கெல்லாம் நேராக 30% வரி, அந்த வரித்தொகையின்மேல் 4% செஸ் என்ற கூடுதல் வரி. வீட்டு மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், கடை இணைப்புக்கு முதல் யூனிட்டிலிருந்தே காசு இல்லையா, அதுபோல சம்பளத்துக்கு இருக்கும் அடிப்படை விலக்கு பரிசுக்குக் கிடையாது. உழைப்பும் செலவும் போட்டு ஈட்டிய வருமானமாக இல்லாமல், அதிர்ஷ்டத்தில் வந்ததாகவே சட்டம் இதைப் பார்க்கிறது. அதனால் லாட்டரிச் சீட்டு வாங்கிய காசைக்கூடக் கழிக்க விடாது. ஆன்லைன் கேமில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம், நீங்கள் போட்ட பணம் போக மிஞ்சிய நிகர வெற்றிக்குத்தான் வரி. அப்புறம், பரிசு காராக வந்தாலும் இதே கணக்குதான், சாவி கைக்கு வருமுன் வரியைக் கட்டியாக வேண்டும்.

உங்கள் 5 லட்சத்தில் 30%, அதாவது 1,50,000 ரூபாயை, தருபவரே டிடிஎஸ்ஸாகப் பிடித்துவிட்டார்.

"அதான் பிடித்துவிட்டார்களே, கணக்கு முடிந்தது" என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் மொத்த வரி 1,56,000. டிடிஎஸ்ஸில் செஸ் சேராததால் மீதி 6,000 ரூபாயை நீங்களே கட்டி, ரிட்டர்னும் தாக்கல் செய்ய வேண்டும்.