கபடிப் போட்டிக்கு டிக்கெட் வசூலை நம்பிப் பரிசுத்தொகை அறிவிக்கலாமா?

கேள்வி: "எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் இரண்டு நாள் மின்னொளி கபடிப் போட்டி நடத்தப் போகிறோம். 32 அணிகள், நுழைவுக் கட்டணம் 1,500. பரிசு 50,000, 30,000, பிறகு 15,000 இரண்டு. மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது. 50 ரூபாய் டிக்கெட் வைத்தால் 4,000 பேர் வருவார்கள், 2 லட்சம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். பட்ஜெட் எப்படிப் போடுவது?"

அந்த 2 லட்சத்தை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். டிக்கெட் வருமானத்துக்கு வரம்பு கூட்டம் அல்ல, இருக்கை. ஒருவர் உட்கார சுமார் 45 சென்டிமீட்டர் வேண்டும். 20 மீட்டர் நீளம், ஐந்து படி கொண்ட ஒரு கேலரியில் 220 பேர் அமரலாம். நான்கு பக்கமும் போட்டால் 880. பரிசு தந்தவர்கள், ஊர்ப் பெரியவர்கள், காவல்துறையினர் என்று 150 இருக்கை பாஸில் போய்விடும். முதல் நாள் பாதி நிரம்பி, இரண்டாம் நாள் முழுதாக நிரம்பினாலும் விற்பது 1,095 டிக்கெட், அதாவது 54,750 ரூபாய். நான்கு கேலரிக்கு வாடகை 60,000 என்று வையுங்கள். டிக்கெட் வசூல் கேலரி வாடகைக்கே போதவில்லை.

இங்கே நான் சொல்லும் விலைகளெல்லாம் கணக்குக்காக வைத்தவை. உங்கள் பகுதியில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

சரி, செலவை எங்கே தொடங்குவது? ஆட்டங்களின் எண்ணிக்கையில். நாக் அவுட்டில் 32 அணி என்றால் 31 ஆட்டம். 15-5-15 நிமிடம் வைத்தாலும் டாஸ், டைம் அவுட், அணி மாறுவது எல்லாம் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 45 நிமிடம் ஆகும். ஒரே களத்தில் இது 23 மணி நேரத்தைத் தாண்டும். அதனால் இரண்டு களம் கட்டாயம். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் மாலை 3 மணிக்கே தொடங்குங்கள். முதல் நாள் 16 ஆட்டம் 9 மணிக்கு முடியும். இரண்டாம் நாள் அரையிறுதி இரண்டையும் ஒரே களத்தில் அடுத்தடுத்து நடத்தினால், இறுதி ஆட்டம் 9.45-க்கு முடியும். பேச்சும் பொன்னாடையும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர். சுற்றிலும் 4 மீட்டருக்குக் குறையாமல் இடம் விடச் சொல்வேன். வேகமாக வெளியே போய் விழுபவர் கேலரிக் கம்பியில் மோதக் கூடாது. மண் கொட்டி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவது, விளக்கு, ஜெனரேட்டர், மைக் எல்லாம் சேர்த்து 80,000 வைக்கலாம்.

நடுவர் செலவைத்தான் பலரும் குறைத்துப் போடுகிறார்கள். ஓர் ஆட்டத்துக்கு ரெஃப்ரி ஒருவர், அம்பயர் இருவர், ஸ்கோரர் ஒருவர், உதவி ஸ்கோரர் இருவர் என ஆறு பேர். இரண்டு களத்துக்குப் பன்னிரண்டு. ஆறு மணி நேரம் மாற்று இல்லாமல் நின்றால் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்ற தீர்ப்பு தடுமாறும், சண்டை அங்கேதான் தொடங்கும். நால்வரைக் கூடுதலாக அழையுங்கள். 16 பேர், இரண்டு நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000, பயணமும் உணவும் சேர்த்து 40,000. மாவட்டக் கபடிக் கழகத்திடம் தொகையை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. அணிக்கு 14 பேர், முதல் நாள் 32 அணி, இரண்டாம் நாள் 16 அணி: 672 சாப்பாடு. 70 ரூபாய் என்றால் 47,000. முதல் ஆட்டத்திலேயே தோற்கும் அணிகூட சாப்பாட்டுக்கு 980, காப்பீட்டுக்கு ஏறக்குறைய 780 என்று உங்களுக்குச் செலவு வைக்கிறது. அவர்கள் கட்டுவது 1,500. அணிகளைக் கூட்டினால் வருமானம் கூடும் என்பது இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது.

காப்பீட்டுக்கு 25,000 ஒதுக்குங்கள். இரண்டு பாலிசி வேண்டும். ஒன்று பார்வையாளர்களுக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின்போது கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். தற்காலிகக் கேலரி உண்டு என்பதையும் அதன் கொள்ளளவையும் விண்ணப்பத்தில் சொல்லுங்கள், பொறியாளரின் சான்றிதழை இணையுங்கள். மறைத்தால் இழப்பீடு கேட்கும்போது நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். கேலரி கட்டத் தொடங்கும் நாள் முதல் பிரித்து முடிக்கும் நாள் வரை பாலிசி நடப்பில் இருக்க வேண்டும்.

இன்னொன்று வீரர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு. சாதாரண பாலிசி மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம் தரும். கபடியில் அடிக்கடி நடப்பதோ முழங்கால் தசைநார் கிழிவதும் தோள்பட்டை விலகுவதும். மருத்துவச் செலவு சேர்ந்த பாலிசியா, போட்டியில் ஆடும்போது ஏற்படும் காயம் விலக்குப் பட்டியலில் இல்லையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயர்ப் பட்டியலில் இல்லாதவருக்குக் காப்பு கிடையாது. அதனால் கடைசி நேரத்தில் வேறு வீரரை இறக்க அனுமதிக்காதீர்கள்.

ஆம்புலன்சும் முதலுதவியும் 15,000, அனுமதி, சுவரொட்டி, தொண்டர் செலவு 18,000. கோப்பைகளுக்கு 15,000 சேர்த்தால் பரிசு 1,25,000. கேலரியை இரண்டாகக் குறைத்து 30,000 ஆக்குங்கள். எல்லாம் சேர்த்து 3,80,000. பத்து சதவீதம் அவசரத்துக்கு வைத்தால் 4,18,000. நுழைவுக் கட்டணம் 48,000 போக 3,70,000 உபயதாரர்களிடமிருந்து வர வேண்டும். பரிசுத்தொகையை இன்னார் தருகிறார் என்று எழுதி வாங்கி, பாதியாவது வங்கிக் கணக்கில் வந்த பிறகு சுவரொட்டி அடியுங்கள்.

டிக்கெட்டை எப்படி வைப்பது? முதல் நாள் இலவசம். இரண்டாம் நாள் கேலரிக்கு மட்டும் 100 ரூபாய். விருந்தினருக்குத் தனி நாற்காலி, மற்றவர்கள் தரையில் அமர்ந்து இலவசமாகப் பார்க்கலாம். 440 இருக்கையில் முக்கால் பங்கு விற்றால் 33,000. கேலரி வாடகை திரும்பிவிடும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். டிக்கெட்டுகளில் வரிசை எண் அச்சடித்து, யாரிடம் எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுத்தீர்கள் என்று கையெழுத்து வாங்குங்கள். விற்பவரும் வாசலில் கிழிப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். விற்ற எண்ணிக்கையும் கிழித்த துண்டுகளும் பொருந்தவில்லை என்றால் அன்றிரவே தெரிந்துவிடும். 500 ரூபாய் வரையிலான விளையாட்டு நுழைவுச் சீட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கேளிக்கை வரி பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு வரை உபயத் தொகை சேரவில்லை என்றால் 16 அணியாகக் குறையுங்கள். 15 ஆட்டம்தான், ஒரே களம் போதும், நடுவர் எட்டுப் பேர், சாப்பாடும் காப்பீடும் பாதி. களச் செலவு 55,000-க்கு இறங்கும் என்று வைத்தால், பரிசைத் தொடாமலே உபயமாகத் திரட்ட வேண்டியது ஏறக்குறைய 3,05,000 ஆகிவிடும். அதுவும் முடியாவிட்டால், சுவரொட்டி அடிக்கும் முன்பே முதல் பரிசை 30,000 ஆக்குங்கள்.