நல்ல செய்தி வந்த பிறகு விற்றது யார்?

அன்பின் அண்ணாவுக்கு,

2024 ஜனவரி 11 காலையில் வெள்ளவத்தையில் கடையைத் திறக்கும்போதே, அமெரிக்காவில் பிட்கொயினை வாங்கி வைத்துக்கொண்டு பங்குச்சந்தையில் பங்குகளாக விற்கும் இ.டி.எஃப் நிதிகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று படித்தேன். துபாயில் இருக்கும் மச்சான் மூலம் அன்றே கொஞ்சம் வாங்கினேன். இரண்டு வாரத்துக்குள் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. பயந்து விற்றுவிட்டேன். ‘வதந்தியில் வாங்கு, செய்தியில் வில்’ என்று இப்போது எல்லோரும் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். எல்லோரும் காத்திருந்த நல்ல செய்திதானே, விற்றது யார்? அடுத்த முறை வதந்தியிலேயே வாங்கினால் சரியா?

ஒரு வாசகர், கொழும்பு 6

அன்பின் தம்பி,

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதிலை இரண்டு பொய்ச் செய்திகளே சொல்லிவிட்டன. 2023 ஒக்டோபர் 16 அன்று ஒரு கிரிப்டோ செய்தித்தளம் அனுமதி கிடைத்துவிட்டதாகத் தவறாக வெளியிட்டது. 28,000 டொலருக்குப் பக்கத்தில் இருந்த விலை சில நிமிடங்களில் 30,000 வரை பாய்ந்தது. மறுப்பு வந்ததும் இறங்கியது. அப்புறம் ஜனவரி 9 அன்று, அனுமதி வழங்கும் அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழுவின் எக்ஸ் கணக்கையே யாரோ கைப்பற்றி, அனுமதி வழங்கப்பட்டதாகப் பதிவிட்டார்கள். ஆணைக்குழுவின் சொந்தக் கணக்கு, முந்தையதைவிட எவ்வளவோ நம்பத்தக்க இடம். ஆனாலும் விலை 47,000க்குச் சற்றுக் கீழிருந்து 48,000க்குப் பக்கத்தில்தான் போனது. பொய் என்று தெரிந்ததும், ஏறியதைவிடக் கூடுதலாக இறங்கியது.

அதே செய்திக்கு ஒக்டோபரில் ஏழு வீதம் ஏறிய விலை, ஜனவரியில் இரண்டு வீதம்தான் ஏறியது. இடைப்பட்ட மூன்று மாதத்தில் விலை ஏறக்குறைய எழுபது வீதம் கூடியிருந்தது. அதாவது அனுமதிக்கான விலையைச் சந்தை முன்கூட்டியே கொடுத்து முடித்துவிட்டது. நீங்கள் கடை திறந்தபோது மீதம் இருந்தது மிகக் கொஞ்சம். நியூயோர்க்கில் 10ஆம் திகதி மாலை வந்த அறிவிப்பு அது, நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது.

இதுவரை சொன்னது விலை ஏன் ஏறவில்லை என்பதற்கு மட்டும்தான். விழுந்ததற்குக் காரணம் வேறு: அந்த அனுமதியாலேயே விற்க வழி கிடைத்த ஒரு கூட்டம் இருந்தது.

கிரேஸ்கேல் என்ற நிறுவனத்திடம் பழைய பிட்கொயின் அறக்கட்டளை நிதி ஒன்று இருந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்கொயின் அதனுள் கிடந்தது. பங்கைத் திருப்பிக் கொடுத்து உள்ளிருக்கும் பணத்தை எடுக்க முடியாது, சந்தையில் இன்னொருவருக்கு விற்க மட்டுமே முடியும். அதனால் பங்கு உள்ளிருக்கும் மதிப்பைவிட மலிவாக விலைபோனது. 2022 டிசம்பரில் ஏறக்குறைய பாதி விலை, 2023 நடுப்பகுதியில் 100 ரூபாய் மதிப்புள்ளது சுமார் 60 ரூபாய். அது இ.டி.எஃப் ஆக மாறினால் அந்தப் பூட்டு திறந்து இந்த இடைவெளி மூடிவிடும் என்று தெரிந்தவர்கள் அப்போதே வாங்கினார்கள். பிட்கொயின் ஒரு சதம்கூட ஏறாவிட்டாலும் 60 கொடுத்தவருக்கு 40 லாபம். உண்மையில் வதந்தியில் வாங்கியவர்கள் இவர்கள்தான். உங்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் யாரும் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 11 அன்று அந்த நிதி இ.டி.எஃப் ஆக மாறிக் கதவு திறந்தது. காத்திருந்த லாபம் கைக்கு வந்துவிட்டது, இனி அங்கே இருக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. போதாததற்கு கிரேஸ்கேல் வருடத்துக்கு 1.5 வீதம் கட்டணம் வைத்தது, புதிய நிதிகளில் பெரும்பாலானவை 0.2 முதல் 0.3 வரைதான் கேட்டன. வெளியேறுபவருக்குக் கொடுக்க நிதி பிட்கொயினை விற்றாக வேண்டும். அந்த மாத முடிவுக்குள் 5 பில்லியன் டொலருக்கு மேல் வெளியேறியது. 11ஆம் திகதி 49,000 வரை தொட்ட விலை 23ஆம் திகதி 38,500 அளவுக்கு வந்தது. வெளியேறிய பணத்தில் ஒரு பகுதி மற்ற புதிய நிதிகளுக்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாம் சந்தையை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு வெளியேற்றம் மெதுவானது, புதிய நிதிகளுக்குள் வந்த பணம் அதை மிஞ்சியது, மார்ச் நடுவில் விலை 73,000ஐத் தாண்டியது. ஆகவே செய்தியில் விற்றுவிட்டுத் திரும்பி வராதவர்களுக்கும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பழமொழி எப்போது திரும்பி வாங்குவது என்று சொல்வதில்லை.

அடுத்த முறை வதந்தியில் வாங்கலாமா என்று கேட்டால், எந்தக் கட்டத்து வதந்தி என்று நான் திருப்பிக் கேட்பேன். 2024 மே மாதத்தில், ஈதர் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தின் இ.டி.எஃப் நிதிகளுக்கு அனுமதி கிடைக்காது என்றே பெரும்பாலானோர் நினைத்திருந்தார்கள். மே 20 அன்று அந்த எண்ணம் மாறியதும் ஒரே நாளில் விலை இருபது வீதம் அளவில் ஏறியது. லாபம் அங்கேதான் இருந்தது. ஜூலை 23 அன்று வணிகம் தொடங்கியபோது செய்தி பழசாகிவிட்டது. அங்கேயும் 2.5 வீதக் கட்டணத்துடன் கிரேஸ்கேலின் பழைய நிதி ஒன்று நின்றது, அங்கேயும் பணம் வெளியேறியது, விலையும் இறங்கியது.

அதனால் அடுத்த அனுமதி வரும்போது நீங்கள் முதலில் தேட வேண்டியது, அதே சொத்தை வைத்துக்கொண்டு பூட்டிக் கிடக்கும் பழைய நிதி ஏதாவது இருக்கிறதா, அதன் பங்கு எவ்வளவு தள்ளுபடியில் விலைபோகிறது என்பதைத்தான். தள்ளுபடி ஏறக்குறைய மூடிவிட்டது என்றால் அங்கே லாபம் எடுக்கத் தயாராக இருப்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசை கலையும்வரை, அறிவிப்பு வந்த காலையில் வாங்க எந்த அவசரமும் இல்லை.