ஒரே வங்கி, ஒரே ஆள், இரண்டு வட்டி

கேள்வி: குலசேகரம் பக்கம் ஒரு ஏக்கர் ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் வங்கிக்கு வருகிறது. வீட்டு மேற்கூரையை மாற்ற 3 லட்சம் வேண்டும். நகையைப் பணயம் வைத்தால் 10 சதவீதம், பர்சனல் லோன் என்றால் 16 என்று ஒரே வங்கியில் சொல்கிறார்கள். ஆள் நான்தானே, ஏன் இந்த வித்தியாசம்? நகையை வைக்க மனைவிக்கு மனசில்லை.

பதில்: நீங்கள் கடனைக் கட்டாமல் போவீர்களா என்பதை மட்டும் வங்கி பார்ப்பதில்லை. கட்டாமல் போனால் கைக்கு எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் பார்க்கிறது. வட்டி மாறுவது அந்த இரண்டாவது கணக்கில்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வங்கி 100 பேருக்கு ஆளுக்கு 1 லட்சம், ஆக 1 கோடி கொடுக்கிறது. அதில் 4 பேர் கட்டவில்லை. ஈடு இல்லாத கடன் என்றால் நோட்டீஸ், வக்கீல், கோர்ட் என்று அலைந்து ஆளுக்கு 20,000 வசூலாகிறது என்று வையுங்கள். நஷ்டம் 3.2 லட்சம். அதை ஒழுங்காகக் கட்டும் மற்ற 96 பேரின் வட்டியில்தான் எடுக்க வேண்டும். அதற்கே 3 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. நகைக் கடனிலும் அதே 4 பேர் கட்டாமல் போகலாம். ஆனால் நகையை ஏலம் விட்டால் அசலும் வட்டியும் பெரும்பாலும் வந்துவிடும். இதோடு, பர்சனல் லோனுக்கு வங்கி தன் சொந்த மூலதனத்தில் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி விதியை இறுக்கியது. அந்தச் செலவும் வட்டியில் ஏறும்.

நகை மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்து, கல்லையும் அரக்கையும் கழித்து எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உருக்கினால் என்ன மிஞ்சுமோ அதற்குத்தான் வங்கி விலை போடுகிறது, செய்கூலிக்கு அங்கே மதிப்பில்லை. அந்த மதிப்பிலும் முழுத் தொகையைத் தருவதில்லை. 2026 ஏப்ரல் முதலான விதிப்படி, இரண்டரை முதல் ஐந்து லட்சம் வரையான கடனுக்கு 80 சதவீதம்தான் உச்சவரம்பு. உங்கள் 3 லட்சத்துக்குக் குறைந்தது மூன்றே முக்கால் லட்சம் மதிப்புள்ள தங்கம் வேண்டும். தங்கத்தின் விலை இறங்கினால் அடி வாங்காமலிருக்க வங்கி வைத்துக்கொள்ளும் இடைவெளி அது.

உங்கள் மனைவியின் தயக்கம் நியாயமானது. ஈடு கொடுத்ததும் ஆபத்து வங்கியிடமிருந்து உங்கள் வீட்டுக்கு மாறுகிறது. அதற்கான விலைதான் அந்த 6 சதவீதம்.

அதனால் 10 சதவீதம் என்றதும் லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். 16 சதவீத பர்சனல் லோனை 3 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 10,550, மொத்த வட்டி சுமார் 80,000. நகைக் கடனில் மாதம் 2,500 வட்டியை மட்டும் கட்டி, வருடா வருடம் மாற்றி வைத்துக்கொண்டே போனால் 3 வருடத்தில் 90,000 வட்டி போயிருக்கும், அசல் 3 லட்சம் அப்படியே நிற்கும். மார்த்தாண்டத்தில் ஒரு குடும்பம் மகளின் வளையலை இப்படி ஆறு வருடம் மாற்றி வைத்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். கடைசியில் வளையலை மீட்கவே முடியவில்லை. இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அதே 10,550 ரூபாயை மாதாமாதம் நகைக் கடனில் கட்டிப் பாருங்கள். 33 மாதத்தில் கடன் முடியும், வட்டி 44,000 அளவில்தான் வரும். நான் சொல்வது இந்த வழியைத்தான். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று கை இறுகும் மாதத்தில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, ஷீட் விற்ற மாதத்தில் கூடுதலாகக் கட்டலாம். பர்சனல் லோன் தவணையில் அந்தத் தாராளம் கிடையாது.

கையெழுத்துப் போடும் முன் வங்கியில் மூன்றைக் கேளுங்கள். இடையில் அசலில் கட்டினால் கட்டணம் உண்டா? வட்டி ஒரு மாதம் தவறினால் விகிதம் ஏறுமா? 12 மாதம் முடிந்ததும் மாற்றி வைக்க என்ன நிபந்தனை? மூன்றாவதை விடாதீர்கள், ஏனென்றால் உங்கள் கணக்கு 33 மாதம் ஓட வேண்டும்.

நகை மனைவியுடையது. அவர் சம்மதித்தால் மட்டும் வையுங்கள், கடனை அவர் பெயரிலேயே எடுத்தால் இன்னும் நல்லது. தாலிச் செயினை விட்டுவிட்டு, அலமாரியில் கிடக்கும் பழைய நெக்லஸ் மாதிரி உருப்படிகளை முதலில் எடுங்கள். அவருக்கு மனம் வரவேயில்லை என்றால் 16 சதவீதத்துக்கே போங்கள். கூடுதலாகப் போகும் 36,000 ரூபாய் மூன்று வருடம் நகை வீட்டிலேயே இருப்பதற்கான செலவு. அது சரியா என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.